கேள்வியில் தொடங்கும் தற்காப்பு: பி.எட். உள்ளுறைப் பயிற்சியின் இடைக்காலப் பின்னூட்டம் குறித்து ஒரு மறுவாசிப்பு

பி.எட். மாணவர்களின் பள்ளி உள்ளுறைப் பயிற்சியைப் பற்றி எழுதுவோர் பின்னூட்டத்தைப் பெரும்பாலும் மனநிலைச் சிக்கலாகவே அணுகிவந்துள்ளனர். குறை சொன்னால் பயிற்சி ஆசிரியரின் முகம் வாடுகிறது, உடனே காரணம் சொல்லத் தொடங்குகிறார் என்பது அவர்களின் கவலை. ஆகவே இரண்டு பாராட்டுகளுக்கு நடுவே குறையை வைத்துச் சொல்லும்படி வழிகாட்டி ஆசிரியருக்கும், உணர்ச்சியை அடக்கிக்கொண்டு கேட்கும்படி மாணவருக்கும் அறிவுரை தரப்படுகிறது. இதற்குச் சான்றாக முன்வைக்கப்படுவது, அவ்ரஹாம் குளூகரும் ஏஞ்ஜலோ டெனிசியும் 1996-இல் ‘சைக்கலாஜிகல் புல்லட்டின்’ இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு. அந்த ஆய்வு இந்த அறிவுரையைத் தாங்கவில்லை என்பதே என் வாதம். அதை நிதானமாகப் படித்தால், தற்காப்பு உணர்வின் வேர் பதில் சொல்லும் நொடியில் இல்லை, பின்னூட்டம் கேட்கப்பட்ட விதத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

எல்லோரும் மேற்கோள் காட்டும் முடிவு தெரிந்ததுதான். 607 விளைவளவுகளையும் 23,663 அவதானிப்புகளையும் தொகுத்துப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியாகச் செயல்திறனை உயர்த்தியது. சராசரி விளைவளவு 0.41. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டத்துக்குப் பின் செயல்திறன் குறைந்தது. வழக்கமான வாசிப்பு இந்த மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, கடுஞ்சொல் காயப்படுத்தியதால்தான் இந்த வீழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் பாராட்டு பெற்றவர்கள் உயர்ந்தும், குறை கேட்டவர்கள் தாழ்ந்தும் இருந்திருக்க வேண்டும். ஆய்வாளர்கள் இதைச் சோதிக்காமல் விடவில்லை. கிடைத்த வேறுபாட்டைப் பின்னூட்டத்தின் நேர்மறை, எதிர்மறைத் தன்மையைக் கொண்டு விளக்க முடியாது என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். மேலும், பாராட்டு கலந்த பின்னூட்டம் பயனைக் கூட்டவில்லை, குறைத்தது. பாராட்டுக்கு நடுவே குறையைச் செருகும் முறைக்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவோர் இந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் எது பிரித்தது? கவனம் எங்கே போய் நிற்கிறது என்பதே அவர்கள் தரும் விளக்கம். ஒருவர் பின்னூட்டம் பெறும்போது அவருடைய கவனம் மூன்று தளங்களில் ஒன்றுக்குச் செல்லலாம். ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற தன்மதிப்பின் தளம் மேலே இருக்கிறது. ‘இந்த வேலையை எட்ட வேண்டிய அளவுக்கு எட்டினேனா’ என்ற முயற்சியின் தளம் நடுவே. ‘இந்தப் படியை எப்படிச் செய்வது’ என்ற கற்றலின் தளம் கீழே. கவனம் வேலையை விட்டுத் தன்னை நோக்கி மேலேற மேலேற, பின்னூட்டத்தின் பயன் குறைகிறது. சரியான தீர்வைக் காட்டுவதும், முன்பைவிட எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்வதும் பயனைக் கூட்டுகின்றன. தன்மதிப்பை அச்சுறுத்துவது குறைக்கிறது. பாராட்டும் வசவும் ஒரே பக்கத்தில் சேர்வதற்குக் காரணம் இதுதான்: இரண்டுமே கவனத்தை ஆளின் மீது திருப்புகின்றன.

இங்கிருந்து நான் எடுத்துவைக்கும் அடி அவர்களுடையதல்ல, என்னுடையது. தொகுக்கப்பட்ட ஆய்வுகள் பின்னூட்டம் கொடுப்பதைப் பற்றியவை. கேட்பதைப் பற்றியவை அல்ல. அவற்றில் பல, குறுகிய பணிகளைக் கொண்ட சோதனைகள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பு அவ்வளவு எளிய பணி அல்ல. இந்த வரம்புகளை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: கவனம் எந்தத் தளத்தில் நிற்கும் என்பதைக் கொடுப்பவரின் சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. கேட்பவரின் கேள்வி அதை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது. ‘நான் எப்படி?’ என்று கேட்டவருக்குக் கிடைக்கும் எந்தப் பதிலும் அவரைப் பற்றிய தீர்ப்பாகவே விழும். தீர்ப்பு வந்தால் வாதாடுவது இயல்பு. அதை அவருடைய குணக்கேடாகப் பார்ப்பது தவறு.

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். வாதத்துக்காக நான் அமைத்துக்கொண்டதுதான். ஆனால் கற்பித்தல் பயிற்சியை மேற்பார்த்த எவருக்கும் புதிதாக இராது. பயிற்சி ஆசிரியை ஆறாம் வகுப்பில் பின்னங்களின் கூட்டல் நடத்துகிறார். கரும்பலகையில் 1/2 + 1/3. ஒரு சிறுவன் 2/5 என்கிறான். “எப்படி வந்துச்சு?” என்று கேட்கிறார், அவன் வாய் திறப்பதற்குள் பகுதிகளைச் சமப்படுத்தும் முறையைத் தானே விளக்கி முடிக்கிறார். மணி அடித்ததும் வழிகாட்டி ஆசிரியையிடம், “கிளாஸ் எப்படி இருந்துச்சு மேடம்?” என்கிறார். “பரவாயில்லம்மா. ஆனா நீயே பேசிட்டு இருக்க, பசங்களுக்கு இடமே குடுக்கல” என்று பதில் வருகிறது. “டைம் பத்தல மேடம். இந்த செக்‌ஷன் பசங்க கேட்டாலும் பதில் சொல்ல மாட்டாங்க” என்று இவர் சொல்கிறார். பேச்சு அங்கேயே முடிகிறது. பாடக்குறிப்பேட்டில் ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லும் கையொப்பமும் விழுகின்றன.

அதே ஆசிரியை முதல் நாளே இப்படிக் கேட்டிருந்தால்: “நாளைக்கு மூணாவது பீரியட் பின்னம் கூட்டல் எடுக்கறேன் மேடம். நான் கேள்வி கேட்டதும் பதில் சொல்ல எவ்வளவு நேரம் விடறேன்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா?” இப்போது வழிகாட்டிக்குப் பார்க்க வேண்டியது எது என்று தெரிகிறது. பாடம் நடக்கும்போதே கேட்ட கேள்விகளைக் குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நொடிகளை எழுதுகிறார். பெரும்பாலானவற்றில் ஒரு நொடிதான் இருக்கிறது. இது பலவீனமான ஆசிரியரின் தனிக்குறையும் அல்ல. கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, பதிலற்ற மௌனம் குறைகிறது என்பதையும் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். ‘நீயே பேசிட்டு இருக்க’ என்பதும் ‘ஒரு நொடி’ என்பதும் ஒரே குறைதான். முதலாவதை மறுக்கத் தோன்றும். இரண்டாவதை மாற்றத் தோன்றும்.

பதில் சொல்லும் முறையிலும் வழக்கமான அறிவுரை வழிதவறுகிறது. வாயை மூடிக் கேட்டுக்கொள் என்பது பணிவாகத் தெரியலாம். ஆனால் மௌனத்துக்குள்ளும் மறுப்பு முழுதாக இருக்க முடியும். விளக்கம் சொல்வதெல்லாம் தற்காப்பும் அல்ல. முந்தைய பாடவேளையில் தேர்வு நடந்ததால் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினேன் என்பது பார்வையாளருக்குத் தெரியாத செய்தி, சொல்லத்தான் வேண்டும். பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு: இந்த விளக்கம் அடுத்த பாடத்தில் நான் செய்யப்போவது எதையாவது மாற்றுகிறதா? ‘நேரம் போதவில்லை, அதனால் அடுத்த முறை கேள்விகளைப் பாதியாகக் குறைத்து ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பேன்’ என்றால் அது விளக்கம். ‘நேரம் போதவில்லை’ என்பதோடு நின்றால் அது தற்காப்பு. குறை தெளிவில்லாமல் வந்தாலும் செய்ய வேண்டியது இதே திசையில்தான். சொன்னதை அவர் கண்முன்னே குறித்துக்கொண்டு, “எந்தக் கேள்வியில மேடம்?” என்று ஓர் இடத்தைக் கேட்க வேண்டும். இடம் தெரிந்ததும் பேச்சு தன்மதிப்பின் தளத்திலிருந்து இறங்கிவிடுகிறது.

இந்த ஒழுங்கு நம் ஆசிரியர் கல்விக்கு அயலானதும் அல்ல. நுண்ணிலைக் கற்பித்தலின் இந்திய வடிவம் 36 நிமிடச் சுழற்சி: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. மிக நீண்ட பகுதி மறுதிட்டமிடலுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு முறை ஒரு திறன் மட்டுமே பார்க்கப்படுகிறது. கல்லூரியில் இதைப் பழகிய மாணவர் பள்ளிக்குப் போனதும் முதல் இரண்டு படிகளோடு நிறுத்திவிடுகிறார். மறுகற்பித்தல் இல்லாத பின்னூட்டத்தில் மாணவருக்குச் செய்ய மிஞ்சுவது ஏற்பதோ மறுப்பதோ மட்டுமே. தற்காப்பு வளர்வது அந்த வெற்றிடத்தில்தான் என்று கருதுகிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சியை வகுத்துள்ளன. ஏழாம், எட்டாம் வாரத்தில் கேட்டால், கேட்டதை வைத்து மறுபடி நடத்திக் காட்ட இன்னொரு பாதி மிச்சமிருக்கிறது. பதினைந்தாம் வாரத்தில் வரும் குறை, எவ்வளவு இனிமையாகச் சொல்லப்பட்டாலும், மதிப்பெண்ணாகவே காதில் விழும்.

எழக்கூடிய மறுப்புகளில் ஒன்று கனமானது. கேள்வியைக் குறுக்கினால், தனக்குச் சாதகமான இடத்தை மட்டும் காட்டி, பெரிய குறையை மாணவர் மறைத்துவிடலாமே? காத்திருக்கும் நொடிகளைக் கேட்டவர் கணக்கையே தவறாகப் போட்டிருக்கலாம். இதை மறுக்க முடியாது. ஆகவே குறுகிய கேள்விக்குப் பின் இன்னொன்று வேண்டும்: “நான் கேக்காதது எதுவும் இந்தப் பாடத்துல உங்க கண்ணுல பட்டுச்சா மேடம்?” இது திறந்த கேள்விதான், ஆனால் ஆளைப் பற்றியதல்ல, அன்றைய பாடத்தைப் பற்றியது. குறையைத் தேடிக் கேட்பது மதிப்பைக் குறைக்குமோ என்ற அச்சத்துக்கு ஆஷ்ஃபோர்டும் சூயியும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு விடை தருகிறது. எதிர்மறைப் பின்னூட்டத்தைத் தேடிய மேலாளர்களை மற்றவர்கள் திறமையானவர்களாகக் கண்டனர். நேர்மறையைத் தேடியவர்களின் மதிப்பு இறங்கியது. மேலாளரும் பயிற்சி ஆசிரியரும் ஒன்றல்ல என்பதால் இதை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும்.

நம் பள்ளிகளில் பெரியவர்களிடம் இப்படியெல்லாம் கேட்க முடியாது என்ற மறுப்பு எனக்கு வலுவாகப் படவில்லை. ‘நான் எப்படி’ என்பதைவிட ‘இதை மட்டும் பாருங்கள்’ என்பது வழிகாட்டிக்கு வேலையைக் குறைக்கிறது. அவருடைய கண்ணை நம்பிக் கேட்பது மரியாதைக் குறைவும் ஆகாது. உடை, உச்சரிப்பு, வருகை போன்றவை ஆளைச் சார்ந்தவைதானே என்பாருக்கும் சுருக்கமான பதில் போதும்: அவற்றையும் எந்த நாளில், எந்தச் சொல்லில் என்று கேட்க முடியும்.

இந்த வாசிப்பு சரியென்றால், மாற வேண்டியது மாணவரின் முகபாவம் அல்ல, உற்றுநோக்கல் படிவம். அதில் இப்போது குறிப்பும் கையொப்பமும் இருக்கின்றன. குறிப்புக்கு முன்னே ‘எதைப் பார்க்கச் சொன்னார்’ என்று ஒரு கட்டமும், பின்னே ‘மறுபடி நடத்திய நாள், அன்று கண்டது’ என்று ஒரு கட்டமும் சேர்க்க வேண்டும். பயிற்சி ஆசிரியர் குறையை ஏற்றாரா என்பதற்கு அவருடைய தலையசைப்பு சான்றாகாது. அடுத்த முறை 2/5 என்று சொன்ன சிறுவனுக்கு அவர் எத்தனை நொடி கொடுத்தார் என்பதே சான்று. அந்த இரண்டாவது கட்டம் அதைப் பதிந்துவிடும்.