வட்டிக் காப்பு விகிதமும் கடன்–சமபங்கு விகிதமும்

வட்டிக் காப்பு விகிதம், கடன்–சமபங்கு விகிதம் ஆகிய இரண்டும், வியாபாரம் சரியும் காலத்தை ஒரு நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்று அதன் ஆண்டறிக்கையை வைத்தே விரைவாகக் கணிக்க உதவும் அளவுகள். வட்டிக்கும் வருமான வரிக்கும் முந்தைய லாபத்தை அந்த ஆண்டின் வட்டிச் செலவால் வகுத்தால் கிடைப்பது வட்டிக் காப்பு விகிதம். லாபம் 12 கோடி ரூபாய், வட்டி 4 கோடி ரூபாய் என்றால் விகிதம் 3. மொத்தக் கடனைப் பங்குதாரர்களின் பணத்தால், அதாவது செலுத்திய மூலதனமும் சேர்ந்த லாபமும் கூடிய தொகையால் வகுத்தால் கிடைப்பது கடன்–சமபங்கு விகிதம். வங்கி வட்டாரத்தில் இது ‘டெட்–ஈக்விட்டி’ என்றே வழங்கும்.

முன்னது லாப நட்டக் கணக்கிலிருந்து வருகிறது. ஓர் ஆண்டு முழுவதும் நடந்ததைச் சொல்கிறது. பின்னது இருப்புநிலைக் குறிப்பிலிருந்து வருகிறது. ஒரு நாளின் நிலையை மட்டும் காட்டுகிறது. மந்த காலத்தில் முதலில் அசைவது வட்டிக் காப்புதான். ஆகவே உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கு அதையே முதலில் பார்க்க வேண்டும்.

தோற்றம்

வட்டிக் காப்பைப் பார்க்கும் பழக்கம் அமெரிக்க ரயில் நிறுவனங்களின் கடன் பத்திரங்களோடு வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் பத்திரக் கடனில்தான் தண்டவாளம் போட்டன. கடனுக்கான வட்டியையும், பிறரிடம் குத்தகைக்கு எடுத்த பாதைகளுக்கான வாடகையையும் சேர்த்து ‘நிலைக் கட்டணங்கள்’ என்று ஒரே தலைப்பில் வைத்தார்கள். ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் இது. வருமானம் இந்தக் கட்டணத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதே பத்திரம் வாங்குபவர் கேட்ட கேள்வி.

1893இல் நிதி நெருக்கடி வந்தபோது நாட்டின் ரயில் பாதைகளில் ஏறத்தாழ கால் பங்கு நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் விழுந்த அட்ச்சிசன், டொபீகா அண்ட் சான்டா ஃபே நிறுவனத்தின் கதை இந்த விகிதத்தின் இரு பக்கங்களையும் காட்டுகிறது. விழுந்த பிறகு கணக்குகளை ஆராய்ந்த ஸ்டீஃபன் லிட்டில் என்ற கணக்காய்வாளர், நான்கு ஆண்டுகளில் சுமார் 70 லட்சம் டாலர் வருமானம் மிகையாகக் காட்டப்பட்டிருந்ததைக் கண்டார். சரக்கு அனுப்பியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தள்ளுபடிகளைச் செலவில் எழுதாமல் சொத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வட்டியைக் குறைத்துக் காட்ட முடியாதவர்கள் லாபத்தை ஏற்றிக் காட்டுவார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1895இல் நிறுவனத்தைச் சீரமைத்தவர்கள், நல்ல ஆண்டின் வருமானத்தை ஒதுக்கிவிட்டு, மோசமான ஆண்டிலும் கட்டக்கூடிய அளவுக்கு நிலைக் கட்டணத்தை வெட்டினார்கள். பழைய பத்திரங்களின் ஒரு பகுதிக்கு ஈடாக ‘சரிக்கட்டுப் பத்திரங்கள்’ கொடுக்கப்பட்டன. லாபம் வந்தால்தான் இவற்றுக்கு வட்டி. ஆக, மந்த காலத்தில் கழுத்தை நெரிக்கும் பகுதி சிறியதாகிவிட்டது. 1930களின் பெருமந்தத்தில் அதே மேற்குப் பகுதியில் ஓடிய மிசௌரி பசிபிக், ராக் ஐலண்ட், செயின்ட் லூயிஸ்–சான் ஃபிரான்சிஸ்கோ ஆகியவை திவால் நடவடிக்கைக்குள் போயின. சான்டா ஃபே போகவில்லை. அதன் பாதையும் சரக்கும் மற்றவற்றைவிட மேலானவை என்பது உண்மைதான். ஆனால் குறைந்த நிலைக் கட்டணம் இல்லாமல் அது மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

ரயில் பத்திரங்களுக்கு எழுத்துக் குறியீட்டில் தரம் போட்டு ஜான் மூடி 1909இல் நூல் வெளியிட்டார். இந்த அளவைக்கு முறையான இலக்கணம் வகுத்தது பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் 1934இல் எழுதிய ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’. மின்சாரம், எரிவாயு போன்ற பொதுச் சேவை நிறுவனங்களுக்கு 1.75, ரயிலுக்கு 2, தொழிற்சாலைகளுக்கு 3 என்று சராசரி வருமானத்தின் பேரில் அவர்கள் குறைந்தபட்ச எல்லை வைத்தார்கள். வருமானம் எவ்வளவு ஆடுமோ அவ்வளவு உயரமாக எல்லை இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. கிரஹாம் ‘இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ நூலில் எல்லையை வரிக்கு முந்தைய லாபத்தில் 4, 5, 7 என்று உயர்த்தியதோடு, ஏழாண்டுகளில் மிக மோசமான ஆண்டிலும் முறையே 3, 4, 5 மடங்கு இருக்க வேண்டும் என்றார். மந்தத்துக்கான சோதனை இந்த இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறது.

கிரஹாமும் டாடும் கண்டித்த ஒரு கணக்கு முறை இன்றும் தலைகாட்டுகிறது. நிறுவனத்தின் லாபம் 12 கோடி, முன்னுரிமைக் கடனுக்கு வட்டி 4 கோடி, பின்னுரிமைக் கடனுக்கு வட்டி 1 கோடி என்று கொள்வோம். முன்னுரிமைக் கடனுக்குக் காப்பு 3 மடங்கு. மீதமுள்ள 8 கோடியை 1 கோடியால் வகுத்து, பின்னுரிமைக் கடனுக்குக் காப்பு 8 மடங்கு என்று விளம்பரம் செய்வார்கள். கடைசியில் பணம் பெறுபவருக்கு முதலில் பெறுபவரைவிடப் பாதுகாப்பு அதிகம் என்ற அபத்தத்தில் இது முடிகிறது. மொத்த லாபத்தை மொத்த வட்டியால் வகுக்க வேண்டும்; விடை 2.4. அந்த ஒரே எண்தான் நிறுவனத்துக்கு.

மந்தத்தில் விகிதம் நடந்துகொள்ளும் விதம்

ஒரு நூற்பாலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். விற்பனை 100 கோடி. பஞ்சு, மின்சாரம் போன்று உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவு 70 கோடி. சம்பளம், பராமரிப்பு, 5 கோடி தேய்மானம் உள்ளிட்ட நிலையான செலவு 18 கோடி. வட்டிக்கு முந்தைய லாபம் 12 கோடி. கடன் 40 கோடி, வட்டி 10 சதவீதம், அதாவது 4 கோடி. பங்குதாரர் பணமும் 40 கோடி. ஆக வட்டிக் காப்பு 3, கடன்–சமபங்கு 1. இரண்டும் பார்க்க நன்றாகவே இருக்கின்றன.

விற்கும் அளவு 15 சதவீதம் குறைந்தால் மாறும் செலவும் குறையும். ஆனால் நிலையான 18 கோடி அப்படியே நிற்கும். லாபம் 7.5 கோடிக்கு இறங்கும், காப்பு 1.9 ஆகும். விற்பனை 15 சதவீதம் சரிய, லாபம் முப்பத்தேழு சதவீதத்துக்கு மேல் சரிந்திருக்கிறது. அளவு 30 சதவீதம் குறைந்தால் லாபம் 3 கோடி, காப்பு 0.75. சுமார் 27 சதவீதச் சரிவில் காப்பு 1ஐத் தொடும்.

நூல் விலை விழுவது இதைவிடக் கொடியது. அளவு குறையாமல் விலை மட்டும் 10 சதவீதம் விழுந்து, பஞ்சு விலை இறங்காவிட்டால், 10 கோடியும் நேராக லாபத்திலிருந்து போகும். மிச்சம் 2 கோடி, காப்பு 0.5. ஆகவே ‘3 மடங்கு’ என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. நிலையான செலவு எவ்வளவு, சரிவது அளவா விலையா என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். சிமென்ட், எஃகு, நூல், சர்க்கரை போன்ற தொழில்களில் 3 என்பது குறைவு. விலையை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் மின் வழங்கலில் 2 கூடப் பரவாயில்லை.

காப்பு 1க்குக் கீழே போனால் அன்றே தவணை தவறிவிடும் என்பதில்லை. 5 கோடி தேய்மானம் கையைவிட்டுப் போகாத செலவு. அந்தப் பணம் பெட்டியில் இருக்கும். எதிர்ப்பக்கத்தில், அசல் தவணை இந்த விகிதத்தில் வருவதே இல்லை. ஆலையின் கடன் எட்டு ஆண்டுகளில் அடைபட வேண்டுமென்றால் ஆண்டுக்கு 5 கோடி அசல். தேய்மானமும் அசலும் சமமாகிவிடுவதால் காப்பு 1 இருக்கும்வரை சமாளிக்கலாம். அதே கடனை நான்கு ஆண்டுகளில் அடைக்க வேண்டுமென்றால் வட்டியும் அசலுமாக 14 கோடி தேவை. விற்கும் அளவு 15 சதவீதம் குறைந்த ஆண்டில் லாபமும் தேய்மானமும் சேர்ந்து 12.5 கோடிதான், அதில் வரியும் போகும். காப்பு 1.9 இருக்கும்போதே ஆலை தவணை தவறும். குறுகிய காலக் கடன் அதிகமுள்ள நிறுவனங்களில் கடன் தவணைக் காப்பு விகிதத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கடன்–சமபங்கு சொல்வதும் சொல்லாததும்

மேலே அளவு 30 சதவீதம் சரிந்த ஆண்டில் ஆலைக்கு வட்டிக்குப் பின் 1 கோடி நட்டம். பங்குதாரர் பணம் 39 கோடியாகும். கடன்–சமபங்கு 1இலிருந்து 1.03க்கு நகரும். வட்டிக் காப்பு நான்கில் ஒன்றாகிவிட்ட ஆண்டில் இந்த விகிதம் கண் சிமிட்டக்கூட இல்லை. எச்சரிக்கை மணியாக இதற்குப் பயன் குறைவு. ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இதுவே தீர்மானிக்கும். 1 என்ற நிலையில் இருக்கும் ஆலைக்கு வங்கி தவணையைத் தள்ளிப்போடும், புதுக்கடனும் தரும். 4இல் இருக்கும் ஆலைக்கு அதே வங்கி கதவைச் சாத்தும்.

விகிதத்தின் கீழ்ப்பகுதி ஏட்டு மதிப்பு. நிலத்தை மறுமதிப்பீடு செய்து ஏற்றினால் ஒரு ரூபாய் வராமலே விகிதம் அழகாகும். அந்த மறுமதிப்பீட்டுக் கையிருப்பைக் கழித்துவிட்டே பார்க்க வேண்டும். குறித்த தேதியில் பணம் திருப்பித் தர வேண்டிய முன்னுரிமைப் பங்குகள் பெயரில் பங்கு, குணத்தில் கடன். வங்கிகளுக்கும் கடன் வழங்கும் நிதி நிறுவனங்களுக்கும் கடனே கச்சாப்பொருள் என்பதால் இரு விகிதங்களும் பொருந்தா.

வட்டிக் காப்பிலும் மறைவிடங்கள் உண்டு. கட்டுமானத்தில் உள்ள ஆலையின் கடன் வட்டியை இந்தியக் கணக்கியல் தரம் 23 சொத்தின் விலையோடு சேர்க்கச் சொல்கிறது. அந்த வட்டி லாப நட்டக் கணக்கில் வராது, வங்கிக்கோ கட்டியாக வேண்டும். பெரிய விரிவாக்கத்தில் இறங்கிய நிறுவனத்தின் காப்பு இதனால் மிகையாகத் தெரியும். நிலம் விற்ற ஒருமுறை லாபம் ‘இதர வருமானம்’ என்ற பெயரில் மேல்பகுதியில் நுழைந்திருக்கும். தேய்மானத்தைக் கழிக்காத எபிட்டாவை வைத்துக் காப்பு சொல்வதும் வழக்கம். இயந்திரம் தேயும் தொழிலில் அது ஏமாற்று எண். நீண்ட காலக் குத்தகையை 2019 முதல் கடனாகக் காட்ட வேண்டும் என்று இந்தியத் தரம் 116 கட்டாயமாக்கியிருப்பது, ரயில்காரர்கள் வாடகையையும் நிலைக் கட்டணத்தில் சேர்த்த பழைய வழக்கத்தின் பக்கம் திரும்பியதுதான். அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

இந்தியாவில்

கிரெடிட் சூயிஸ் கவனித்துவந்த நிறுவனங்களின் கடனில் சுமார் 40 சதவீதம், வட்டிக் காப்பு 1க்குக் குறைவான நிறுவனங்களுடையது என்று 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிட்டது. கோவிட் காலக் கடன் சீரமைப்புக்காக 2020இல் காமத் குழு பரிந்துரைத்த ஐந்து அளவுகளில் கடன் தவணைக் காப்பு இருந்தது. வட்டிக் காப்பு இல்லை. 2021–22 முதல் நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கடன்–சமபங்கு விகிதத்தை ஆண்டறிக்கையில் வெளியிடச் சொல்கிறது. அது 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணமும் எழுத வேண்டும். இந்தக் கட்டாயம் வட்டிக் காப்புக்கு இல்லை. கடன் பத்திரங்களைச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் மட்டும் செபி விதிப்படி அதைத் தருகின்றன. மற்றவற்றுக்கு வாசகரே ‘நிதிச் செலவு’ குறிப்பைத் தேடி, சொத்தில் சேர்க்கப்பட்ட வட்டியையும் அதோடு கூட்டி, வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.