உபரிக்குள் மறையும் பற்றாக்குறை: அறக்கட்டளைகளின் நிதிவாரிக் கணக்கு

அறக்கட்டளையின் ஆண்டிறுதி இருப்புநிலைக் குறிப்பில் இரு பக்கமும் ஒத்துப்போவதை வைத்து, நன்கொடையாளரின் நிபந்தனைகள் காக்கப்பட்டன என்று முடிவு கட்ட முடியாது. நிதிகளைத் தனித்தனிப் பத்திகளில் காட்டாத குறிப்பு, கூட்டலில் ஒரு பிழையும் இல்லாமலே பற்றாக்குறையை உபரியாகக் காட்டிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கற்பனையான ஒரு கல்வி அறக்கட்டளையின் முதல் ஆண்டுக் கணக்கைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். அதற்கு நிலைநிதியாக, அதாவது கார்ப்பஸாக, 50 லட்சம் ரூபாய் வந்தது. அதன் வட்டி முழுவதும் உதவித்தொகையாக வழங்கப்பட்டது. வகுப்பறை கட்டுவதற்கென்றே 20 லட்சம் வந்தது. அதில் 8 லட்சத்துக்குக் கட்டட வேலை முடிந்தது. சம்பளம், வாடகை முதலிய அன்றாடச் செலவு பொது நன்கொடையைவிட 12 லட்சம் கூடுதல்.

மார்ச் 31 அன்று வங்கி வைப்பு 45 லட்சம், நடப்புக் கணக்கில் 5 லட்சம், கட்டடம் 8 லட்சம். ஆக மொத்தச் சொத்து 58 லட்சம். கட்டட நன்கொடை 20 லட்சத்தையும் வருமானமாக எழுதினால், 12 லட்சப் பற்றாக்குறை போக 8 லட்சம் உபரி நிற்கிறது. நிலைநிதியும் உபரியும் சேர்ந்து 58 லட்சம்; குறிப்பு சமனாகிவிட்டது. நிதிவாரியாக எழுதினால் காட்சி மாறுகிறது. நிலைநிதி 50 லட்சம். கட்டட நிதியில் கட்டடமாக மாறியது 8, செலவாகாதது 12. பொது நிதியில் பற்றாக்குறை 12. இதன் கூட்டும் அதே 58தான். ஆனால் 50 லட்ச நிலைநிதிக்கு எதிரே வைப்பு 45 லட்சமே இருக்கிறது. செலவாகாத 12 லட்சத்துக்கு எதிரே கையில் இருப்பது 5 லட்சமே. நிலைநிதியிலிருந்து 5, கட்டட நிதியிலிருந்து 7 என எடுத்துத்தான் சம்பளமும் வாடகையும் கொடுக்கப்பட்டுள்ளன.

பணத்துக்கு அடையாளம் கிடையாது, எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில்தானே இருக்கிறது என்ற மறுப்பு எழலாம். நிதிவாரிக் கணக்கு தனித்தனி வங்கிக் கணக்குகளைக் கட்டாயமாகக் கோருவதில்லை. எந்த நிதி எந்த நிதிக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது பேரேட்டில் தெரிய வேண்டும் என்றே கோருகிறது. தற்காலிகக் கைமாற்றில் என்ன குற்றம் என்பது இன்னும் வலுவான கேள்வி. அறக்கட்டளைப் பத்திரமும் நன்கொடையாளரின் நிபந்தனையும் இடம் கொடுத்தால்தான் அப்படி எடுக்க முடியும். இந்திய வருமான வரிச் சட்டமும் இதைப் பொருட்படுத்தாமல் விடவில்லை. நிலைநிதி நன்கொடைக்கு விலக்கு வேண்டுமானால் அதை அனுமதிக்கப்பட்ட முதலீடுகளில் தனியாக வைக்க வேண்டும் என 2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் விதித்தது. நிலைநிதியிலிருந்து செய்த செலவு அறச் செலவாக அந்த ஆண்டில் கணக்கில் வராது என்றும் அது கூறியது. எடுத்ததையும் திருப்பி வைத்ததையும் தனியே பதியாத அறக்கட்டளையால் இவ்விதிகளைப் பின்பற்றியதாக நிறுவ முடியாது.

சிறு அறக்கட்டளைக்கு இது சுமை என்பதையும் ஏற்பதற்கில்லை. மேலே காட்டிய கணக்குக்கு மூன்று பத்திகளே போதும். பத்திகள் பிரிப்பதால் பற்றாக்குறை தீராது என்பது உண்மை. ஆனால் பொது நிதியின் பத்தியில் 12 லட்சம் பற்றாக்குறை என்று எழுதப்பட்டபின், அதை எந்த வருவாயிலிருந்து எப்போது திருப்பி வைப்பது என்று அறங்காவலர்கள் தீர்மானம் போட்டாக வேண்டும். 8 லட்சம் உபரி என்ற வரியைப் பார்த்து யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.