பணி நியமன நிறுத்தச் சுற்றறிக்கை

ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ புதிதாக ஆள் எடுப்பதைச் சில காலம் நிறுத்திவைத்து, அலுவல் பயணங்களுக்கும் கட்டுப்பாடு விதித்து, அதற்கான காரணத்தையும் மறுஆய்வுத் தேதியையும் ஊழியர்களுக்குத் தெரிவிக்கும் உள் அறிவிப்பே பணி நியமன நிறுத்தச் சுற்றறிக்கை. அரசில் இது பெரும்பாலும் நிதித் துறையின் சிக்கன நடவடிக்கை ஆணையாக வரும். தனியார் நிறுவனங்களில் நிர்வாக இயக்குநர் அல்லது நிதிப் பொறுப்பாளர் கையெழுத்துடன் வரும். நியமன நிறுத்தமும் பயணக் கட்டுப்பாடும் ஒரே தாளில் சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. இப்போது வேலையில் இருப்பவரின் சம்பளத்தைத் தொடாமல் நிர்வாகம் உடனே கைவைக்கக்கூடிய செலவுகளில் இந்த இரண்டும் அடங்கும். ஆனால் இரண்டும் பணத்தை மிச்சப்படுத்தும் வேகம் ஒன்றல்ல.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் 600 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளச் செலவு 3 கோடி ரூபாய், அதாவது சராசரியாக ஆளுக்கு 50,000. மாதம் 6 பேர் தாமாகவே விலகுகிறார்கள். ஆறு மாதத்துக்கு அந்த இடங்களை நிரப்பாமல் விட்டால் என்ன மிச்சமாகும்? முதல் மாதத் தொடக்கத்தில் விலகும் 6 பேரின் சம்பளம் ஆறு மாதமும் மிச்சம். அடுத்த மாதம் விலகுபவர்களுடையது ஐந்து மாதம். இப்படியே கடைசி மாதம் வரை கூட்டினால் 126 மாதச் சம்பளம், அதாவது 63 லட்சம் ரூபாய். அதே ஆறு மாதத்தின் மொத்தச் சம்பளச் செலவு 18 கோடி. மூன்றரை விழுக்காடுதான் குறைகிறது. அதுவும் பெரும்பகுதி கடைசி மாதங்களில்தான் கைக்கு வருகிறது. பயணத்துக்கு மாதம் 20 லட்சம் செலவழித்த அதே நிறுவனம் அதை 8 லட்சமாகக் குறைத்தால், ஆறு மாதத்தில் 72 லட்சம் மிச்சம். அது முதல் மாதத்திலிருந்தே தெரியும்.

தலைப்பில் பெரிதாக நிற்கும் நியமன நிறுத்தம் மெதுவாகத்தான் பலன் தரும். உடனடிப் பணத் தட்டுப்பாட்டைத் தீர்க்க அதை மட்டும் நம்பினால் மூன்றாம் மாதமே அடுத்த சுற்றறிக்கை எழுத வேண்டிவரும். இன்னொரு குறையும் இருக்கிறது. யார் விலகுவது என்பதை நிறுவனம் தீர்மானிப்பதில்லை. வெளியே எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களே முதலில் போவார்கள். ஆள் மிகுந்த பிரிவு அப்படியே இருக்க, ஒரே ஒரு தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் இருந்த பிரிவு காலியாகிவிடலாம்.

எதை நிறுத்துகிறோம்?

இவ்வகை ஆணைகளில் பெரும் குழப்பம் பிறப்பது இங்கேதான். ஏற்கெனவே இருக்கும் காலிப்பணியிடத்தை நிரப்பாமல் இருப்பது ஒன்று, புதிய பணியிடத்தைத் தோற்றுவிக்காமல் இருப்பது இன்னொன்று. இந்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2020 செப்டம்பர் 4 அன்று வெளியிட்ட சிக்கன ஆணை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. செலவினத் துறையின் ஒப்புதல் இல்லாமல் அமைச்சகங்களும் அவற்றின் கீழுள்ள அலுவலகங்களும் தன்னாட்சி அமைப்புகளும் புதிய பணியிடங்களைத் தோற்றுவிக்கக் கூடாது என்றது. 2020 ஜூலை 1க்குப் பிறகு அந்த ஒப்புதல் இல்லாமல் தோற்றுவிக்கப்பட்டு இன்னும் நிரப்பப்படாத இடங்களை நிரப்பக் கூடாது என்றும் சொன்னது. கொரோனா ஊரடங்கால் வேலை இழந்தவர்களும், அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் இதை அரசு வேலைக்கே தடை என்று புரிந்துகொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே அமைச்சகம் விளக்கம் வெளியிட்டது. காலியிடங்களை நிரப்பத் தடை ஏதும் இல்லை, மத்தியப் பணியாளர் தேர்வாணையம், பணியாளர் தேர்வு ஆணையம், ரயில்வே தேர்வு வாரியம் வழியான நியமனங்கள் வழக்கம்போல் தொடரும் என்றது. அந்த ஒரு வரியை முதல் நாளே ஆணையில் சேர்த்திருந்தால் இந்தக் கலக்கம் நேர்ந்திருக்காது.

தனியார் நிறுவனத்தில் இதற்கு இணையான சிக்கல், ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஆஃபர் லெட்டர்கள். பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு, சேரும் தேதிக்காகக் காத்திருப்பவர் ஒருவர் இருப்பார். விளம்பரம் வந்த இடம், நேர்காணல் முடிந்த இடம், கடிதம் கொடுத்த இடம் ஆகிய மூன்றில் எது வரை நிறுத்தம் பொருந்தும் என்று சுற்றறிக்கை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மனிதவளப் பிரிவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள்.

பயணக் கட்டுப்பாடு

‘தேவையற்ற பயணங்களைத் தவிர்க்கவும்’ என்ற வாக்கியம் எந்தச் செலவையும் குறைக்காது. தன் பயணம் தேவையற்றது என்று யாரும் நினைப்பதில்லை. அளந்து பார்க்கக்கூடிய விதிகளே வேலை செய்யும். மத்திய அரசின் 2014 அக்டோபர் 29 சிக்கன ஆணை, அதிகாரிகள் விமானத்தில் முதல் வகுப்பில் பயணிப்பதையும், ஐந்து நட்சத்திர விடுதிகளில் கூட்டம் நடத்துவதையும் தடுத்தது. 2022 ஜூன் மாத ஆணை இன்னும் நுணுக்கமானது. தமக்குரிய வகுப்பில் கிடைக்கும் மிகக் குறைந்த கட்டணச் சீட்டையே எடுக்க வேண்டும், பயணத்துக்கு 21 நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும், 72 மணி நேரத்துக்குள் பதிவு செய்தால் காரணம் எழுதித் தர வேண்டும் என்று அது வகுத்தது. இங்கே பயணம் மறுக்கப்படவில்லை. கடைசி நேரச் சீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலைதான் தடுக்கப்படுகிறது.

வாடிக்கையாளரிடம் போய் நிலுவைத் தொகை வசூலிக்கும் பயணத்தையும், இயந்திரப் பழுது நீக்கும் பயணத்தையும் நிறுத்தினால் வருமானமே குறையும். அதனால் பயிற்சி, கருத்தரங்கு, கிளைகளுக்கிடையேயான கூட்டம் ஆகியவை முதலில் நிறுத்தப்படுகின்றன.

காரணமும் மாதிரி வாசகமும்

‘இன்றைய பொருளாதாரச் சூழலில்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் அதைவிட மோசமான ஒன்றைத் தாமே கற்பனை செய்துகொள்வார். மேலே சொன்ன பம்ப் நிறுவனத்தின் சுற்றறிக்கை இப்படி அமையலாம்:

“ஏற்றுமதி ஆர்டர்கள் சென்ற ஆண்டின் இதே காலாண்டைவிட நான்கில் ஒரு பங்கு குறைந்துள்ளன. இரண்டு பெரிய வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகை தாமதமாகிறது. ஆகவே அக்டோபர் 1 முதல் காலியிடங்கள் நிரப்பப்படமாட்டா. ஏற்கெனவே ஆஃபர் லெட்டர் பெற்ற 9 பேரும் குறித்த தேதியில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். பாய்லர் இயக்குநர், பாதுகாப்பு அலுவலர் போன்று சட்டப்படி இருந்தாக வேண்டிய பணிகளுக்கு இந்த நிறுத்தம் பொருந்தாது. பிற விதிவிலக்குகளை நிதிப் பொறுப்பாளரும் ஆலைத் தலைவரும் சேர்ந்து ஏழு நாளில் முடிவு செய்வார்கள். வசூல், பழுது நீக்கம் தவிர்த்த வெளியூர்ப் பயணங்களுக்கு முன் அனுமதி தேவை. இப்போது பணியில் உள்ளவர்களின் சம்பளத்தில் மாற்றம் இல்லை. டிசம்பர் 31 நிலவரத்தைக் கொண்டு ஜனவரி 15 அன்று மறுஆய்வு நடக்கும். ஆர்டர் கையிருப்பு மூன்று மாத உற்பத்தியைத் தாண்டியிருந்தால் நிறுத்தம் விலக்கப்படும். முடிவு எதுவானாலும் அன்று மாலை தெரிவிக்கப்படும்.”

இதில் விதிவிலக்கு தருபவர் யார், எத்தனை நாளில் தருவார் என்பது இருக்கிறது. அது இல்லாத ஆணையில் தலைவருக்கு நெருக்கமான பிரிவு மட்டும் ஆள் எடுத்துக்கொள்ளும். மற்ற பிரிவுகள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

கசிவுகள்

நியமனம் நின்றாலும் வேலை நிற்பதில்லை. அது ஓவர்டைமாகவோ ஒப்பந்தத் தொழிலாளர் வழியாகவோ ஆலோசகர் கட்டணமாகவோ திரும்ப வரும். இவை சம்பளக் கணக்கில் வராமல் வேறு தலைப்புகளில் பதிவாவதால், சம்பளச் செலவு குறைந்ததுபோல் தோன்றும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அமெரிக்காவில் அதிபர்கள் கார்ட்டர், ரீகன் காலத்தில் கூட்டரசு முழுவதற்கும் விதிக்கப்பட்ட நான்கு நியமன நிறுத்தங்களை அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு ஆராய்ந்து 1982இல் அறிக்கை தந்தது. ஊழியர் எண்ணிக்கையில் அவற்றின் விளைவு மிகச் சிறியது, பணம் மிச்சமானதா என்பதே தெளிவில்லை, சில அலுவலகங்களில் செலவு கூடியது என்று அது முடிவு சொன்னது. ஒவ்வொரு அலுவலகத்தின் பணிச்சுமையையும் பாராமல் எல்லாருக்கும் ஒரே தடை விதித்ததே காரணம் என்றும் சுட்டியது.

மறுஆய்வுத் தேதி

தேதி குறித்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் 2017 ஜனவரி 23 அன்று விதிக்கப்பட்ட நிறுத்தம், 90 நாளில் மாற்றுத் திட்டம் தர வேண்டும் என்ற கெடுவுடன் வந்தது. ஏப்ரல் 12 அன்று விலக்கப்பட்டது. 2025 ஜனவரி 20 அன்று விதிக்கப்பட்டதற்கும் அதே 90 நாள் கெடு இருந்தது. ஆனால் கெடு நெருங்கியபோது ஜூலை 15 வரையும், பிறகு அக்டோபர் 15 வரையும் நீட்டிக்கப்பட்டது. எந்த அளவுகோல் எட்டப்பட்டால் நிறுத்தம் விலகும் என்பது தேதியோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தால், நீட்டிப்பவர் அதற்குக் காரணம் காட்டியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இதன் நீண்ட உதாரணம் 2001இல் வந்தது. அந்த ஆகஸ்டில் மாநில நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கை வெளியானது. நவம்பர் 29 அன்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 212 காலியிடங்களை நிரப்பத் தடை விதித்தது. ஆசிரியர், மருத்துவர், காவலர் பணியிடங்களுக்கு விலக்கு இருந்தது. 2006 பிப்ரவரி 7 அன்று அரசாணை எண் 14 அந்தத் தடையை நீக்கியபோது நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் தேர்வெழுதக் காத்திருந்தவர்களில் பலர் வயது வரம்பைக் கடந்துவிட்டார்கள். அவர்களுக்காக அரசு வயதுத் தளர்வு அளிக்க வேண்டியதாயிற்று. பணியில் இருக்கும்போது இறந்தவர்களின் பிள்ளைகள் கருணை அடிப்படையில் கேட்ட வேலையும் அந்தத் தடையில் சிக்கியது. விண்ணப்பிக்க வேண்டிய காலக்கெடுவில் தடைக்காலத்தைச் சேர்ப்பதா, கழிப்பதா என்ற கேள்வியோடு அந்தக் குடும்பங்கள் அதன் பிறகும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.