ஏற்றுமதிச் சரக்குப் புகையூட்டலும் மரப்பொதி முத்திரையும்

ஏற்றுமதிப் புகையூட்டல் என்பது, கப்பலேறும் விளைபொருளிலும் அதைத் தாங்கும் மரப்பெட்டி, பேலட் போன்றவற்றிலும் ஒளிந்திருக்கும் பூச்சி, புழுக்களை நச்சுவாயுவால் கொல்லும் முறை. வணிக வழக்கில் இதை ‘ஃபியூமிகேஷன்’ என்பார்கள். மரத்துக்கு வாயுவுக்குப் பதிலாக வெப்பமும் பயன்படுகிறது. சரக்குக்கு ஒரு சட்டம், மரத்துக்கு இன்னொரு சட்டம் என இரண்டு வெவ்வேறு வரலாறுகள் இத்துறைக்கு உண்டு. சரக்குக்கு அரசு தரும் சான்றிதழ் வேண்டும். மரத்துக்கு மரத்தின்மேலேயே பதித்த முத்திரை வேண்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

சான்றிதழின் தோற்றம்

பயிர்ப்பொருளுக்குச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் திராட்சைக் கொடியிலிருந்து வந்தது. அமெரிக்காவிலிருந்து போன பைலோக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்ததால், 1878இல் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் சில ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நாடு விட்டு நாடு போகும் செடிகளுக்கு அதிகாரியின் சான்று தேவை என்ற கருத்து அதில் உருப்பெற்றது. இந்தியாவில், பருத்திக்காய்க் கூன்வண்டுக்கு அஞ்சி, இறக்குமதியான பருத்திப் பொதிகளுக்கு 1906இல் புகையூட்டல் கட்டாயமானது. 1914இல் அழிவுப் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டம் வந்தது. 1951இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின்கீழ் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவானபோது, எல்லா நாடுகளும் ஏற்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ் கிடைத்தது. இன்று ‘பைட்டோசானிட்டரி சான்றிதழ்’ எனப்படும் தாவர நலச் சான்றிதழ் அதுவே.

இரண்டு வாயுக்கள்

மீத்தைல் புரோமைடு பூச்சியைக் கொல்லும் என்பது 1932இல் பிரான்சில் அறியப்பட்டது. ஒரே நாளில் வேலை முடிவதாலும் பொதிக்குள் ஆழமாக ஊடுருவுவதாலும் அது துறைமுகங்களின் முதன்மை வாயுவானது. 1953இல் கலிபோர்னியாவின் தானியக் கிடங்குகளில் கப்ரா வண்டு கண்டுபிடிக்கப்பட்டபோது, கட்டடங்களையே துணிப்போர்வையால் மூடி இவ்வாயுவைச் செலுத்தினார்கள். அந்த ஒழிப்புப் பணி 1966 வரை நீடித்தது. கப்ராவின் புழுக்கள் உணவின்றிப் பல மாதங்கள் சுவர் வெடிப்பிலும் சாக்குத் தையலிலும் உறங்கிக் கிடக்கும். அந்நிலையில் மருந்தையும் நன்கு தாங்கும். இவ்வண்டு இந்தியாவில் பரவலாக இருப்பதால், இந்தியத் தானியத்தை வாங்கும் பல நாடுகள் இன்றும் அதன் பெயரைக் குறிப்பிட்டே உறுதி கேட்கின்றன.

மற்றொரு வாயு பாஸ்பீன். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இதை வெளியிடும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் தரும். இது மெதுவாகக் கொல்லும் வாயு. முட்டையும் கூட்டுப்புழுவும் இதைத் தாங்கக்கூடியவை என்பதால், அவை வளர்ந்து தாங்குதிறன் குறையும் வரை வாயு நீடிக்க வேண்டும். எனவே இங்கே அளவைக் கூட்டுவதைவிட நாள்களைக் கூட்டுவதே பலன் தரும்.

மரப்பொதியின் வரலாறு

மரப்பெட்டியை நெடுங்காலம் யாரும் சரக்காகக் கருதவில்லை. 1984இல், வட அமெரிக்காவிலிருந்து வந்த பைன் மரச்சில்லுகளில் பைன் மர நூற்புழு இருப்பதைப் பின்லாந்து கண்டது. ஜப்பானின் பைன் காடுகளைப் பட்டுப்போகச் செய்த அதே நூற்புழு. அதன்பின் நடந்த ஆய்வுகளிலிருந்து பிறந்த அளவுதான், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸை எட்டி 30 நிமிடம் அதில் நிற்க வேண்டும் என்பது.

1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மேப்பிள் மரங்களில் ஆசிய நீள்கொம்பு வண்டு தென்பட்டது. அது சீனாவிலிருந்து வந்த சரக்குகளின் மரப்பொதிகளில் வந்ததாகக் கருதப்படுகிறது. 1998 டிசம்பரிலிருந்து சீன மரப்பொதிகளுக்கு அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்ட விதிகள் பெருகாமலிருக்க, 2002இல் ‘ஐ.எஸ்.பி.எம். 15’ என்னும் பன்னாட்டுத் தரநிலை ஏற்கப்பட்டது. உலகமெங்கும் சுற்றும் பேலட்டுடன் காகிதம் ஒன்று சுற்ற முடியாது என்பதால், சான்று மரத்திலேயே பதிக்கப்பட்டது. முத்திரையில் தானியக்கதிர்ச் சின்னம், நாட்டுக் குறி, முறையை மேற்கொண்டவரின் எண், முறையின் குறி ஆகியவை இருக்கும். வெப்பத்துக்கு எச்.டி., மீத்தைல் புரோமைடுக்கு எம்.பி. என்பன குறிகள். ஒட்டுப்பலகையும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய மரமும் இவ்விதிக்கு வெளியே நிற்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

தூத்துக்குடியிலிருந்து 20 அடிக் கொள்கலத்தில், மரப் பேலட்களின்மேல் 20 டன் அரிசி மூட்டைகள் போவதாகக் கொள்வோம். அரிசியை மட்டும் காக்க, டன்னுக்கு 3 மாத்திரை என்ற கிடங்கு வழக்கப்படி 60 மாத்திரை வைத்து, 7 நாள் மூடி வைக்கலாம். ஆனால் பாஸ்பீன் மரத்துக்கான தரநிலையில் ஏற்கப்பட்ட முறை அன்று. ஆகவே இந்த 7 நாளும் பேலட்டின் கணக்கில் சேராது. பேலட்கள் முன்பே வெப்பமூட்டி முத்திரை பெற்றவையாக இருக்க வேண்டும்.

மீத்தைல் புரோமைடைத் தேர்ந்தால் மரத்துக்கான கணக்கு வேறு. கொள்கலத்தின் உள்ளளவு சுமார் 33 கனமீட்டர். சரக்கு அடைத்திருக்கும் இடத்தைக் கழிக்காமல் முழு அளவுக்கும் மருந்து கணக்கிடுவார்கள். வெப்பநிலை 21 பாகை அல்லது அதற்கு மேல் என்றால் கனமீட்டருக்கு 48 கிராம். மொத்தம் சுமார் 1.6 கிலோ. 24 மணி நேரம் கழித்துக் கருவியில் கனமீட்டருக்குக் குறைந்தது 24 கிராம் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கதவு ரப்பரில் கசிவு இருந்திருக்கும், அல்லது சரக்கே வாயுவை உறிஞ்சியிருக்கும். இரண்டாம், நான்காம் மணியில் எடுக்கும் அளவீடுகள் இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிய பேலட்டுக்குள் வாயு போகாது. மரத்தின் மெல்லிய பக்கம் 20 சென்டிமீட்டருக்கு மேலிருந்தால் இம்முறை ஏற்கப்படாது. 10 பாகைக்குக் கீழே இதைச் செய்யக் கூடாது என்பதால் வடஇந்தியக் குளிர்கால இரவுகளில் சிக்கல் எழும். வேலை முடிந்ததும் காற்றோட்டம் விட்டு, உள்ளே மிஞ்சிய வாயுவை அளந்த பின்னரே ஆள் நுழையலாம்.

சான்றிதழ்கள்

இந்தியாவில் புகையூட்டலைச் செய்வது, பரீதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தாவரப் பாதுகாப்பு இயக்ககம் அங்கீகரித்த நிறுவனம். மருந்து, அளவு, நேரம், வெப்பநிலை ஆகியவற்றைப் பதிந்து அது புகையூட்டல் சான்றிதழ் தரும். தாவர நலச் சான்றிதழை அரசு அதிகாரி மட்டுமே, சரக்கைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்டுத் தர முடியும். புகையூட்டல் விவரங்கள் அதற்குரிய பகுதியில் ஏறும். வாங்கும் நாடு கேட்கும் கூடுதல் உறுதிமொழியும் அதிலேயே எழுதப்படும். முத்திரையிட்ட மரப்பொதிக்கு இவ்விரு காகிதங்களும் தேவையில்லை. மாறாக, முத்திரையில்லாத பேலட்டை எத்தனை காகிதமும் காப்பாற்றாது. துறைமுகத்தில் அது மறுபடி புகையூட்டப்படும், எரிக்கப்படும், அல்லது சரக்கோடு திருப்பி அனுப்பப்படும். செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில் விழும். பழுதுபார்த்த பேலட்டிலும் கவனம் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலகை மாற்றினால் பழைய முத்திரையை அழித்து, மறுபடி முறைக்கு உட்படுத்திப் புதிதாகப் பதிக்க வேண்டும்.

எல்லைகள்

முத்திரை என்பது உயிருள்ள மரங்களைத் தாக்கும் பூச்சிகளுக்கு எதிரான உறுதிதான். உலர்ந்த மரத்தில் பின்னர் புகும் வண்டையோ கரையானையோ அது தடுக்காது. அதனால் முத்திரையிட்ட பேலட்டில் மரத்தூள் கொட்டினாலே விதி மீறப்பட்டது என்று முடிவு செய்ய முடியாது. எந்தப் பூச்சி என்று பார்க்க வேண்டும்.

மீத்தைல் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1992இல் மான்ட்ரியல் உடன்பாட்டின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பிற பயன்பாடுகள் வளர்ந்த நாடுகளில் 2005இலும் வளரும் நாடுகளில் 2015இலும் முடிவுக்கு வர வேண்டும் என விதித்தாலும், தொற்றுத்தடைக்கும் கப்பலேற்றத்துக்கு முந்தைய 21 நாளுக்குள் செய்யும் புகையூட்டலுக்கும் விலக்கு தொடர்கிறது. மரத்துக்கு வெப்பமும், 2018இல் ஏற்கப்பட்ட சல்பியூரைல் புளோரைடும் மாற்றாகின்றன. தானியத்துக்கோ பெரும்பாலும் பாஸ்பீன்தான் மிஞ்சுகிறது. 1970களிலேயே கிடங்குப் பூச்சிகளிடம் பாஸ்பீனுக்கு எதிர்ப்புத்திறன் பதிவானது. மாத்திரை வைத்துவிட்டுக் கசியும் மூடுதுணியைக் கவனிக்காமல் விடுவதும், கப்பல் நேரத்துக்காக நாளைச் சுருக்குவதும் அந்த எதிர்ப்பை வளர்க்கின்றன. குறைந்த வாயுவில் பிழைத்த பூச்சிகளின் சந்ததிதான் அடுத்த மூட்டையில் வந்து சேர்கிறது.