மது குடித்த இரவில் தூக்க மாத்திரை: மூச்சு எப்படி மெல்ல நின்றுபோகிறது?

குடித்த பிறகு தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ போட்டால் ஆபத்து என்பது பலருக்கும் தெரியும். அந்த ஆபத்து எப்போது வரும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. மாத்திரையை விழுங்கும் நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து, கூட இருந்தவர்கள் "நல்லா தூங்குறான், விடு" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகுதான் அது உச்சத்துக்கு வருகிறது.

இந்தியாவில் அதிகம் புழங்கும் மாத்திரைகள் அல்பிரசோலம், குளோனசெபம், டயாஸெபம், சோல்பிடெம். உங்கள் வீட்டு டிராயரில் உள்ள அட்டையில் இவற்றில் ஒரு பெயர் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் வேகத்தைக் குறைக்க காபா என்ற ஒரு ரசாயனம் இருக்கிறது. அதை வாகனத்தின் பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மாத்திரைகள் தாங்களாக பிரேக் போடுவதில்லை. மூளை போடும் பிரேக்கை இன்னும் அழுத்தமாக்குகின்றன, அவ்வளவுதான். அதனால் அவற்றின் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. டாக்டர் சொன்ன அளவில் தனியாகச் சாப்பிடும்போது, ஆரோக்கியமான ஒருவருக்கு மூச்சு நிற்பது அரிது.

மது அந்த எல்லையைத் தூக்கிவிடுகிறது. அதுவும் அதே பிரேக்கை அழுத்துகிறது. கூடவே, மூளையை விழிப்பாக வைக்கும் குளூட்டமேட் என்ற ஆக்ஸிலரேட்டரிலிருந்தும் காலை எடுத்துவிடுகிறது. அதனால் இரண்டும் சேரும்போது வருவது கொஞ்சம் கூடுதலான தூக்கம் மட்டும் அல்ல.

நீங்கள் தூங்கும்போதும் மூச்சு ஓடுவதற்குக் காரணம், மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கூடினால், "மூச்சு இழு" என்று அது உத்தரவிடும். இரட்டை பிரேக்கில் இந்த மையம் மந்தமாகிறது. கார்பன் டை ஆக்ஸைடு ஏறினாலும் அலாரம் அடிப்பதில்லை. அதே நேரத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்றுப் பாதை குறுகுகிறது. வாந்தி வந்தால் இருமித் தள்ளும் அனிச்சைச் செயலும் மங்கிவிடுவதால், அது நுரையீரலுக்குள் போகலாம்.

ஓர் இரவின் கணக்கு

ஒருவர் இரவு 8 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் நான்கு லார்ஜ் விஸ்கி குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லார்ஜ் என்பது 60 மி.லி. அதாவது இரண்டு ஸ்மால். மொத்தம் எட்டு ஸ்மால். கல்லீரல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஸ்மாலைத்தான் அகற்றும். காபி, மோர், குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

11.30-க்கு அவர் வீட்டுக்கு வருகிறார். தூக்கம் வரவில்லை. ஓர் அல்பிரசோலம் போட்டுக்கொண்டு படுக்கிறார். அதுவரை மூன்றரை ஸ்மால் போயிருக்கும், இன்னும் நாலரை மிச்சம். மாத்திரை ரத்தத்தில் உச்ச அளவை எட்ட ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஆக, நள்ளிரவு 1 மணிவாக்கில் மாத்திரை முழு வீச்சில் இருக்கும்போது, மூன்று ஸ்மால் அளவு மதுவும் உடலில் இருக்கிறது. மது முழுவதும் வெளியேற அதிகாலை 4 மணியாவது ஆகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நினைவு பதிவாகாமல் போகும். மாத்திரை போட்டதையே மறந்துவிட்டு, "தூக்கம் வரலையே" என்று இன்னொன்றைப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

இடைவெளி விட்டால் போதாதா?

மாத்திரையைப் பொறுத்தது. குளோனசெபம் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகலாம். நேற்றிரவு போட்டது இன்றிரவு பார்ட்டியிலும் உங்களோடு இருக்கிறது. சோல்பிடெம் சீக்கிரம் போய்விடும். ஆனாலும் அன்று மாலை குடித்திருந்தால் அந்த இரவில் அதைப் போடவே கூடாது.

"அப்போ இன்னைக்கு மாத்திரையை விட்டுட்டு குடிக்கிறேன்" என்பதும் தீர்வல்ல. தினமும் சாப்பிடுபவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இந்த மாத்திரை ஓடும் காலத்தில் மதுவைத்தான் விட வேண்டும். விட முடியவில்லை என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் மருந்தையே மாற்றக்கூடும்.

தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கும், டிரமடால் போன்ற வலி மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். "எனக்கு நாலு பெக் எல்லாம் ஒண்ணுமே தெரியாது" என்பவருக்கும் விலக்கு இல்லை. போதை தெரியவில்லை என்றால் மூச்சு மையமும் தாக்குப்பிடிக்கிறது என்று அர்த்தமில்லை.

தூக்கமா, ஆபத்தா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எழுப்பிப் பாருங்கள். பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டு, தோளை அழுத்திப் பிடித்து உலுக்குங்கள். வெறும் தூக்கம் என்றால் திட்டிக்கொண்டாவது கண் திறப்பார். திறக்கவில்லை என்றால் அது தூக்கம் இல்லை.

அடுத்து மூச்சை எண்ணுங்கள். 30 விநாடிகளுக்கு நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று பார்த்து இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எட்டுக்குக் கீழே போனாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ அவசரநிலை.

குறட்டையைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். எழுப்ப முடியாத ஒருவரிடமிருந்து வரும் கனத்த குறட்டையும் 'கொளகொள' சத்தமும் காற்றுப் பாதை அடைபடுவதன் அடையாளம். உதட்டின் உட்பக்கம், நாக்கு, நகம் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. வீட்டில் ஆக்ஸிமீட்டர் இருந்து, அதில் எண் நன்றாகத் தெரிந்தாலும், ஆள் எழவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

உடனே என்ன செய்ய வேண்டும்?

- 112-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸுக்குப் பல மாநிலங்களில் 108.
- மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே உள்ள முழங்காலை மடக்கி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி செய்யுங்கள்.
- அவரைத் தனியாக விட்டுப் போகாதீர்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சை எண்ணுங்கள்.
- மூச்சு நின்றாலோ, மீன் வாய் திறப்பதுபோல் எப்போதாவது மட்டும் இழுத்தாலோ மல்லாக்கப் படுக்க வைத்து, நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பயிற்சி இருந்தால் வாய்வழி மூச்சும் கொடுங்கள்.
- காபி, எலுமிச்சைச் சாறு, வாந்தி எடுக்க வைப்பது, குளிர்ந்த நீரில் குளிக்க வைப்பது எதுவும் வேண்டாம்.
- மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை, எத்தனை மணிக்கு, எவ்வளவு மது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அல்பிரசோலம் வகைக்கு ஃபுளுமாஸெனில் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் அது மதுவை முறிக்காது. வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் டாக்டர்களும் யோசித்துத்தான் கொடுப்பார்கள். பெரும்பாலும் மருத்துவமனையில் நடக்கும் முக்கிய வேலை, மருந்தும் மதுவும் இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப்பிடிப்பது. அதற்கு ஆள் மூச்சோடு அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஒருவர் வேண்டுமென்றே இரண்டையும் சேர்த்து எடுத்திருப்பார் என்று சந்தேகம் வந்தாலும் முதல் அழைப்பு 112-க்குத்தான். அப்படி ஓர் எண்ணம் உங்களுக்கே வருகிறது என்றால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.