திரை முன் எட்டு மணி நேரம்: கண் களைப்பு ஏன் வருகிறது, எப்படிக் குறைப்பது?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்கள் என்றதும் சுமை தூக்குவோரும் லாரி ஓட்டுநர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் ஒரு கன்டெய்னர் நகர வேண்டுமானால் அதற்கு முன்னால் பல பேர் கணினித் திரையின் முன் உட்கார்ந்தாக வேண்டும். ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என ஒவ்வொன்றையும் காகிதத்தோடு ஒப்பிட்டு சுங்கத்துறையின் இணையதளத்தில் ஏற்றுவது இவர்கள் வேலை. எட்டு இலக்க சரக்குக் குறியீட்டில் 3 என்பது 8 ஆகிவிட்டால் திருத்தம் செய்யும்வரை சரக்கு நிற்கும், வாடகை ஏறும்.

இப்படி வேலை செய்பவர்கள் மாலையில் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கண் எரிகிறது, மணல் விழுந்தது போல உறுத்துகிறது, தண்ணீர் வடிகிறது, புருவத்துக்கு மேல் வலிக்கிறது, வெளியே வந்தால் பேருந்தின் தடம் எண் சில நொடிகள் மங்கலாகத் தெரிகிறது. இதை மருத்துவர்கள் டிஜிட்டல் கண் களைப்பு என்கிறார்கள். இதனால் பார்வை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தவறான எண்ணைப் படிக்க வைக்கவும், மாலை நேரத்தைத் தலைவலியில் கழிக்க வைக்கவும் இது போதும்.

இரண்டு காரணங்கள்

முதல் காரணம் இமைக்க மறப்பது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணின் மேல் கண்ணீர்ப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் சுபோட்டாவும் நகமோரியும் 104 அலுவலகப் பணியாளர்களைக் கவனித்து 1993ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும்தான் இமைத்தார்கள். படலம் காய்ந்ததும் கண் எரிகிறது. எரிச்சலைத் தணிக்கக் கண்ணீர் சுரப்பி திடீரென நீரைக் கொட்டுகிறது. கண்ணில் தண்ணீர் வடிவது கண் உலர்ந்திருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது இதனால்தான். ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இரண்டாவது காரணம், கண்ணின் உள்தசை ஓய்வில்லாமல் இறுகி நிற்பது. தூரத்தில் உள்ளதைப் பார்க்கும்போது இந்தத் தசை தளர்ந்திருக்கும். பொருள் அருகே வர வர அது இறுகி, கண்ணின் லென்சைத் தடிக்க வைக்கும். இந்த வேலையை டயாப்டர் என்ற அலகால் அளக்கலாம். கணக்கு எளிது: 1 என்ற எண்ணை, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 65 சென்டிமீட்டரில் இருக்கும் திரைக்குக் கண் செய்யும் வேலை சுமார் 1.5 டயாப்டர். 40 சென்டிமீட்டரில் இருக்கும் காகிதத்துக்கு 2.5. முகத்துக்கு 30 சென்டிமீட்டரில் பிடித்த கைபேசிக்கு 3.3.

திரை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

பொதுவாகச் சொல்லப்படுவது 50 முதல் 100 சென்டிமீட்டர். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். கொஞ்சம் தாழப் பார்க்கும்போது மேல் இமை கண்ணை அதிகம் மூடியிருப்பதால் கண் காய்வதும் குறைகிறது.

எழுத்து சிறியதாக இருந்தால் எந்த அளவுகோலும் நிற்காது, உடல் தானாக முன்னால் சாய்ந்துவிடும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் தள்ளி நின்று, அதே எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் எழுத்தின் அளவு போதுமானது. முடியாவிட்டால் கன்ட்ரோல் பொத்தானோடு கூட்டல் குறியை அழுத்தி, உலாவியில் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு: கண்ணாடிதான் முதல் கேள்வி

திரையின் தூரத்தைச் சரிசெய்தும் வலி போகாதவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். வெள்ளெழுத்து வந்த பிறகு கண்ணின் லென்சு முன்போல வளைந்து கொடுப்பதில்லை. இவர்களுடைய படிக்கும் கண்ணாடி பெரும்பாலும் புத்தக தூரத்துக்கு, அதாவது 40 சென்டிமீட்டருக்கு எழுதித் தரப்பட்டது. திரை இருப்பதோ அதைவிடத் தள்ளி.

52 வயதான ஓர் ஆவண எழுத்தரை எடுத்துக்கொள்வோம். தூரப்பார்வை நன்றாக இருக்கிறது, படிக்க மட்டும் +2.00 கண்ணாடி அணிகிறார். அந்தக் கண்ணாடியோடு அவருக்குத் தெளிவாகத் தெரியும் அதிகபட்ச தூரம் 1 ஐ 2 ஆல் வகுத்தால் வரும் அரை மீட்டர், அதாவது 50 சென்டிமீட்டர். அவருடைய திரை 65 சென்டிமீட்டரில் இருக்கிறது. எனவே எழுத்து மங்குகிறது, தலையை முன்னால் நீட்டுகிறார், மாலையில் கழுத்து வலிக்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் 1.5 டயாப்டர் வேலையையும் கண்ணே செய்ய வேண்டும். அந்த வயதில் கண்ணுக்கு மிச்சமிருக்கும் சக்தி ஏறக்குறைய அவ்வளவுதான். முழு பலத்தையும் காட்டி நாள் முழுக்க ஒரு மூட்டையைத் தூக்கிப் பிடித்திருப்பது போன்றது இது. தலைவலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இவருக்குத் திரைக்கென்று +1.00 அளவில் தனிக் கண்ணாடி கிடைத்தால், 1 மீட்டர் வரை தெளிவாகத் தெரியும். 65 சென்டிமீட்டரில் உள்ள திரைக்குக் கண் செய்ய வேண்டியது சுமார் அரை டயாப்டர் மட்டுமே. ஆனால் மேசையில் 40 சென்டிமீட்டரில் கிடக்கும் இன்வாய்சைப் பார்க்கும்போது கண் மீண்டும் 1.5 டயாப்டர் உழைக்க வேண்டியிருக்கும். அதற்குத் தீர்வு கண்ணாடியில் இல்லை, காகிதத்தை வைக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு தாங்கியில் நிறுத்தி, திரையின் பக்கத்திலேயே அதே தூரத்தில் வைத்தால் கண்ணும் கழுத்தும் ஒவ்வொரு வரிக்கும் ஏறி இறங்க வேண்டியதில்லை.

பைஃபோகல் அணிபவர்களுக்கு இன்னொரு சிக்கல். படிக்கும் பகுதி கண்ணாடியின் கீழே இருப்பதால், திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்குகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்கிறீர்களா என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கவனிக்கச் சொல்லுங்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் கண்ணிலிருந்து திரை வரை உள்ள தூரத்தை அளந்து, சென்டிமீட்டரில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த ஓர் எண் இல்லாமல் யாராலும் சரியான திரைக் கண்ணாடி எழுதித் தர முடியாது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். 2023ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறுகிய கால அளவில் கண் களைப்பைக் குறைப்பதில் அது சாதாரணக் கண்ணாடியைவிட மேலானது என்று தெரியவில்லை. அந்தப் பணத்தைச் சரியான பவருக்குச் செலவிடலாம்.

வெளிச்சம்

கணினியை அணைத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் டியூப்லைட்டோ ஜன்னலோ தெரிந்தால், வேலை நேரம் முழுக்க அந்தப் பிம்பம் எழுத்தின் மேல் படிந்துதான் இருக்கிறது. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும், திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருப்பதே நல்லது. மேசையை நகர்த்த இடமில்லாத சிறிய அறைகளில் திரையைக் கொஞ்சம் திருப்புவதும், கடல் பக்கத்து ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை போடுவதும் போதும்.

அடுத்து, ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். தாளைவிடத் திரை விளக்குப் போல ஒளிர்ந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் கூட்டுங்கள். வெயில் மாறுவதால் மதியம் ஒருமுறை, விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை இதைப் பார்ப்பது நல்லது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 நொடி பார்ப்பது என்ற விதியை 1990களில் பரப்பியவர் ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற அமெரிக்கக் கண் பரிசோதனை நிபுணர். நினைவில் நிற்பதற்காக அமைந்த எண்கள் இவை. ஆய்வு முடிவுகளும் கலந்தே இருக்கின்றன. 40 நிமிட வாசிப்பின் நடுவே 20 நொடி இடைவெளிகள் விட்டுப் பார்த்த ஓர் ஆய்வில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து நினைவூட்டல் கொடுத்த இன்னோர் ஆய்வில் களைப்பும் உலர்வும் குறைந்தன. நினைவூட்டல் நின்ற ஒரு வாரத்தில் பலனும் நின்றது. ஆகவே இது பழக்கமாக இருக்கும்வரைதான் உதவும்.

சின்ன அறையில் 20 அடிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். முன்பு சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள். 20 அடி, அதாவது 6 மீட்டரில் கண்ணின் வேலை 0.17 டயாப்டர். 10 அடியில், அதாவது 3 மீட்டரில் 0.33. திரைக்குச் செய்த 1.5 டயாப்டரில் ஐந்தில் நான்கு பங்குச் சுமை, எதிர்ச் சுவரைப் பார்த்தாலே இறங்கிவிடுகிறது. ஜன்னல் வழியே துறைமுகத்தின் கிரேன் தெரிந்தால் இன்னும் நல்லது. அந்த 20 நொடியில் இமைகள் முழுவதும் ஒட்டும்படி மெதுவாகப் பத்து முறை இமையுங்கள். அரைகுறையாக இமைத்தால் கண்ணின் கீழ்ப்பகுதி நனைவதில்லை.

இடைவேளை என்று கைபேசியை எடுத்தால் கணக்கு தலைகீழாகிறது. 1.5 டயாப்டரிலிருந்து 3.3க்குப் போகிறோம். அது கண்ணுக்கு ஓய்வு அல்ல, இரட்டிப்பு வேலை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

திரைக் களைப்பு பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், விடுமுறை நாளில் தணியும். ஒரு கண்ணில் மட்டும் வலியும் சிவப்பும், திடீர்ப் பார்வைக் குறைவு, இரட்டையாகத் தெரிவது, மின்னல் போன்ற வெட்டொளி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் ஆகியவை இருந்தால் அது வேறு நோய். அன்றே காட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். அவர்கள் முதலில் சர்க்கரையைப் பார்த்து, ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும் சோதிக்க வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் கவனம் தேவை. சிவப்பு உடனே மறைகிறது என்பதற்காக ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மாதக் கணக்கில் விட்டுக்கொண்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். வட சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கண் பிரிவு அருகிலேயே இருக்கிறது. 1819ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் தொலைவில்லை. போகும்போது திரையின் தூரத்தை எழுதிய சீட்டையும், இப்போது அணியும் கண்ணாடியையும், விட்டுக்கொண்டிருக்கும் சொட்டு மருந்தின் குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.