வங்கிக் கணக்கு மாற்ற அறிவிப்பு

வங்கிக் கணக்கு மாற்ற அறிவிப்பு என்பது, ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு, இனிப் பணம் செலுத்த வேண்டிய புதிய கணக்கைத் தெரிவிக்கும் கடிதம். கடன் வசதிக்காக வேறு வங்கிக்குப் போவது, பார்ட்னர்ஷிப் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் ஆவது, வங்கிகள் இணைவது எனப் பல காரணங்களால் இது தேவைப்படுகிறது. விஜயா வங்கியும் தேனா வங்கியும் 2019இல் பரோடா வங்கியுடன் இணைந்தன. அவற்றின் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் 2021 மார்ச் 1 முதல் செல்லாதவை ஆனதால், அந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்கள் தங்களுக்குப் பணம் அனுப்புவோருக்கெல்லாம் புதிய குறியீட்டைச் சொல்ல வேண்டியிருந்தது.

இதன் சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: உண்மையான அறிவிப்பும் மோசடிக்காரர் அனுப்பும் அறிவிப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து, ஜிஎஸ்டி எண், ரத்து செய்த காசோலையின் நகல் என எதை வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடலாம். ஆகவே கடிதத்தின் நம்பகத்தன்மையைக் கடிதத்துக்குள் தேடிப் பயனில்லை. அது கடிதத்துக்கு வெளியே, வாடிக்கையாளர் கையில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒன்றில்தான் இருக்க முடியும். சரிபார்ப்பு முறைகள் எல்லாம் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கின்றன.

மோசடி பெரும்பாலும் மின்னஞ்சல் பெட்டியில் தொடங்குகிறது. விற்பவர் அல்லது வாங்குபவரின் கடவுச்சொல் திருடு போகிறது. உள்ளே நுழைந்தவர் உடனே எதுவும் செய்வதில்லை. எந்தப் பில் எப்போது கட்ட வேண்டியது, கணக்குப் பிரிவில் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று வாரக்கணக்கில் படிக்கிறார். பிறகு நடந்துகொண்டிருக்கும் உரையாடலின் நடுவிலேயே, பில் எண்ணும் தொகையும் சரியாக இருக்கும் ஒரு பதிலை அனுப்புகிறார். சில சமயம் அனுப்பும் முகவரி ஓர் எழுத்து மாறியிருக்கும்: `m` இருக்க வேண்டிய இடத்தில் `rn` இருந்தால் அவசரத்தில் கண்ணில் படாது. பெட்டியே அவர் கையில் இருந்தால் முகவரியிலும் பிழை இருக்காது. அப்போது சந்தேகப்பட்டு அதே மின்னஞ்சலுக்கு "இது நீங்கள்தானா?" என்று கேட்டாலும் பதில் அவரிடமிருந்தே வரும்.

வங்கி தடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் முழுமையானதல்ல. இந்தியாவில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவு வைக்கப்படுகிறது. அனுப்புபவர் எழுதும் பெயர் வேறாக இருந்தாலும் பணம் போய்ச் சேரும். அனுப்பும் முன் கணக்குதாரரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. இது நல்ல பாதுகாப்பு. ஆனால் பெயர் பொருந்தினாலும் ஆள் வேறாக இருக்கலாம். லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமாசௌஸ்காஸ், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாத்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்குகளும் தொடங்கினார். 2013 முதல் 2015 வரை கூகுளும் ஃபேஸ்புக்கும் 10 கோடி டாலருக்கும் மேல் அவர் கணக்குகளுக்கு அனுப்பின. 2019இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

முறையாக எப்படி அறிவிப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை. புனேயில் அதன் வாடிக்கையாளர். வர வேண்டிய தொகை 8,40,000 ரூபாய். பட்டறை புதிய கணக்கைப் பயன்படுத்தத் தொடங்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே முதல் கடிதத்தை அனுப்புகிறது. அதில் கணக்கு எண் இருக்காது. கணக்கு மாறப்போகிறது, எந்தத் தேதியிலிருந்து, புதிய விவரம் கூரியரில் வரும், அதைத் தொலைபேசியில் உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்பது மட்டுமே இருக்கும். முக்கியமாக, அழைக்க வேண்டிய எண்ணையும் கடிதத்தில் போடக் கூடாது. "எங்கள் பழைய பில்களில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள்" என்று எழுதுவதே சரி. கடிதத்தில் தரும் எண், கடிதத்தை எழுதியவரிடமே கொண்டுபோய்விடும்.

கூரியர் வந்ததும் புனேயின் கணக்கர் தன் ஃபைலில் உள்ள பழைய எண்ணுக்குத் தானே அழைக்கிறார். பட்டறையிலிருந்து வரும் அழைப்பை அவர் சரிபார்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பேசும்போது எண்ணை இவர் வாசித்து "சரிதானே?" என்று கேட்கக் கூடாது, எதிர்முனையில் இருப்பவர் கவனிக்காமலே "ஆமாம் சார்" என்று சொல்லிவிடுவார். பட்டறைக்காரர் தன் பாஸ்புக்கைப் பார்த்து முழு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் சொல்ல, இவர் தன் கையிலுள்ள தாளோடு ஒப்பிட வேண்டும். அழைத்த நேரம், பேசியவர் பெயர், அழைத்த எண் ஆகியவை தாளிலேயே குறிக்கப்படுகின்றன. கணினியில் புதிய கணக்கை ஒருவர் பதிய, இன்னொருவர் அந்தத் தாளைப் பார்த்து ஒப்புதல் தருகிறார்.

அடுத்தது சோதனைத் தொகை. ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பது வழக்கம். ஆனால் அது போய்ச் சேர்ந்தது என்பதால் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று மட்டுமே தெரியும். மோசடிக்காரர் கணக்கிலும் அந்த ரூபாய் விழும். அதனால் 3 ரூபாய் 47 காசு போல ஊகிக்க முடியாத தொகையை அனுப்பி, எவ்வளவு என்று சொல்லாமல், அதே பழைய எண்ணுக்கு அழைத்து "என்ன தொகை வந்திருக்கிறது, யுடிஆர் எண் என்ன?" என்று கேட்க வேண்டும். சரியான பதில் வந்தால், அந்தத் தொலைபேசியில் இருப்பவரே அந்தக் கணக்கைப் பார்க்கிறார் என்பது உறுதியாகிறது. அதன் பிறகே 8,40,000 ரூபாய் கிளம்புகிறது. பல லட்சம் நிலுவை இருந்தால் முதல் பில்லை மட்டும் அனுப்பி, வரவு உறுதியான பின் மீதியை விடுவிப்பது இன்னும் நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. பட்டறையின் சிம் கார்டையே மோசடிக்காரர் தன் பெயருக்கு மாற்றியிருந்தால் பழைய எண்ணும் பயன்படாது; நிறுவனத்துக்குள்ளேயே ஒருவர் உடந்தையாக இருந்தாலும் அப்படியே. பெரிய தொகைக்கு, குரல் பழகிய இன்னொருவரிடமும் தனியாக ஒரு முறை கேட்பதோ, ஆளை நேரில் அனுப்புவதோ வீண் செலவல்ல.

பழைய கணக்கை உடனே மூடாமல் இரண்டு மூன்று பில் சுற்று வரை திறந்தே வைக்க வேண்டும். இதில் ஒரு பயன் உண்டு. சந்தேகம் தீராத வாடிக்கையாளர் பழைய கணக்கிலேயே கட்டிவிடலாம். "பழைய கணக்கு ஆடிட்டில் முடங்கிவிட்டது, இன்றைக்கே புதியதில் போடுங்கள்" என்று வரும் போலிக் கடிதத்தின் அவசரம் அங்கே செல்லுபடியாகாது. தனிநபரின் சேமிப்புக் கணக்கு, நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊரின் கிளை, சனிக்கிழமை மாலை வரும் கோரிக்கை ஆகியவையும் நிறுத்திக் கேட்க வேண்டிய இடங்கள். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் இரவும் விடுமுறையும் பாராமல் இயங்குவதால், திங்கட்கிழமை வரை பணம் காத்திருக்கும் காலம் போய்விட்டது.

பணம் தவறான கணக்குக்குப் போனது தெரிந்தால் நிமிடங்கள்தான் கணக்கு. தன் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் யுடிஆர் எண்ணோடு உடனே சொல்லி, `cybercrime.gov.in` தளத்தில் புகாரைப் பதிய வேண்டும். பெறும் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் அதை முடக்கி வைக்க முடியும். வழக்கமாக அது சில மணி நேரத்துக்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடுகிறது.